கள்ளப் பதிவை நிப்பாட்ட ஐபியை எண்ணிக் காணாது, பதில் வராத ஓடிபியை எண்ணுங்க

கேள்வி: அண்ணன், நாங்க மூண்டு பொடியன்மார் சேர்ந்து படுவான்கரைப் பக்கம் வெட்டு மெஷின் புக் பண்ற ஆப் ஒண்டு விட்டிருக்கம். போன கிழமை ஒரு ராவு 12க்கும் விடிய 4.30க்கும் இடையில 6000 ஓடிபி போய் எஸ்எம்எஸ்ஸுக்குக் கட்டின காசெல்லாம் முடிஞ்சிட்டு. பிறகு ஒரு ஐபிக்கு மணித்தியாலத்துக்கு 5 தான் எண்டு ரேட் லிமிட் போட்டம். இப்ப உண்மையான வெள்ளாமைக்காரருக்குப் பதிய ஏலாம இருக்கு, கள்ளப் பதிவு நிக்கவும் இல்ல. சேர்வர் நோட்ல எக்ஸ்பிரஸ், ரெடிஸ் இருக்கு, முன்னால என்ஜின்எக்ஸ். என்ன செய்யிற?

பதில்:

தம்பி, லிமிட் போட்டது பிழையில்ல, அதை எதுக்கு மேல போட்டீங்க எண்டதுலதான் பிரச்சினை. ஐபி எண்டுறது ஒரு ஆள் இல்ல. நம்ம ஆக்கள் கிட்டத்தட்ட எல்லாரும் மொபைல் டேட்டாவிலதான் வாறாங்க, மொபைல் கம்பனிக்காரர் ஒரு ஐபிவி4 விலாசத்துக்குப் பின்னால கனபேரைச் சேர்த்து வச்சுத்தான் வெளிய அனுப்புறாங்க, அதால கொக்கட்டிச்சோலையில இருக்கிற ஒருத்தரும் வவுணதீவில இருக்கிற இன்னொருத்தரும் உங்கட சேர்வருக்கு ஒரே ஐபியாத் தெரியலாம். இன்னொரு பக்கம் பாருங்க, கமநல சேவை நிலையத்தில பெரும்போகக் கூட்டம் ஒண்டு நடக்குது, உங்கட ஆள் ஒருத்தர் போய் ஆப்பைக் காட்டுறார், அங்க இருக்கிற 40 பேரும் ஒருத்தர்ர ஹொட்ஸ்பொட்ல ஏறி அந்த இடத்திலயே பதியப் பாக்கிறாங்க. உங்கட கணக்குக்கு ஆறாவது ஆளோட கதை முடிஞ்சு. அவரோட சேர்த்து 35 பேரும் ஆப் வேலை செய்யல்ல எண்டு போயிருவாங்க, திரும்ப வரமாட்டாங்க.

கள்ளனுக்கு இந்த 5 ஒரு தடையே இல்ல. நாலரை மணித்தியாலத்துக்கு 6000 எண்டா மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1330. ஐபிக்கு 5 எண்டு நீங்க மறிச்சா அவனுக்கு 270 ஐபி இருந்தாக் காணும், வாடகைக்குப் ப்ரொக்ஸி எடுக்கிறவனுக்கு அதெல்லாம் பெரிய விசயமே இல்ல.

ஆனா அதுக்கு முதல் ஒண்டைச் சோதிச்சுப் பாருங்க, எனக்கு அதிலதான் கூடச் சந்தேகம். அவன்ட்ட உண்மையிலயே 270 ஐபி இருக்கா, இல்லாட்டி ஐபியை அவனே எழுதி அனுப்புறானா? எக்ஸ்பிரஸ்ல `app.set('trust proxy', true)` எண்டு போட்டிருந்தா அது `X-Forwarded-For` ஹெடர்ல இடப்பக்கத்தில முதலாவதா இருக்கிற விலாசத்தைத்தான் ஆள்ர ஐபி எண்டு எடுக்கும். என்ஜின்எக்ஸ்ல கனபேர் போடுற `$proxy_add_x_forwarded_for` என்ன செய்யுதெண்டா, வந்த ஹெடரை அப்படியே வச்சிட்டு அதுக்கு வலப்பக்கம் உண்மையான ஐபியைச் சேர்க்குது, அப்ப அவன் எழுதின பொய் இடப்பக்கத்தில பத்திரமா நிக்கும், நீங்க அந்தப் பொய்யைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீங்க. உங்கட சொந்தப் போன் நம்பரைக் குடுத்து, வேற வேற ஐபி எழுதி ஒரு பத்துத் தரம் இதை அடிச்சுப் பாருங்க:

```
curl -X POST https://api.example.com/otp/send \
  -H 'X-Forwarded-For: 203.0.113.99' \
  -d 'phone=07XXXXXXXX'
```

5க்குப் பிறகும் ஓடிபி வந்துகொண்டே இருந்தா உங்கட லிமிட் எழுத்தில மட்டும்தான் இருக்கு. என்ஜின்எக்ஸ் ஒண்டுதான் முன்னால நிக்குதெண்டா `app.set('trust proxy', 1)` எண்டு மாத்துங்க, வலப்பக்கத்தில கடைசியா என்ஜின்எக்ஸ் எழுதினதை மட்டும் நம்பும். நாளைக்கு அதுக்கும் முன்னால கிளவுட்ஃபிளேர் மாதிரி ஒண்டு வச்சா இந்தக் கணக்கு மாறும், அப்ப ஞாபகமாத் திரும்பப் பாக்கணும்.

இப்ப லொக்கைத் திறங்க. லிமிட்டுக்கு இலக்கம் குறிக்க முதல் அந்த 6000 என்ன மாதிரி ஆக்கள் எண்டு கண்ணால பாக்கணும், அதைப் பாக்காமப் போடுற எந்த இலக்கமும் ஊகம்தான். இப்படி ஏதும் இருக்கா எண்டு தேடுங்க:

```
02:14:07 send +9477XXXX401 203.0.113.18
02:14:10 send +9477XXXX402 198.51.100.7
02:14:13 send +9477XXXX403 203.0.113.77
02:14:15 send +9477XXXX404 198.51.100.52
```

ஐபி ஒவ்வொண்டும் வேற, ஆனா நம்பர் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வரிசையா ஏறுது. மனுசர் இப்படி வரமாட்டாங்க. இப்படிச் செய்யிறவன் அநேகமாப் பாக்கிறது எந்த நம்பர் உங்கட ஆப்பில ஏற்கனவே இருக்கு எண்டதைத்தான், "இந்த இலக்கம் பதியப்பட்டுள்ளது" எண்டு உங்கட சேர்வர் ஒரு மறுமொழி சொன்னா அவனுக்கு அது காணும். பதிஞ்ச நம்பருக்கும் பதியாத நம்பருக்கும் ஒரே மறுமொழியைக் குடுங்க, மறுகா அவனுக்கு இஞ்ச எடுக்க ஒண்டும் இல்ல.

வரிசையா இல்லாம வெளிநாட்டு நம்பருகளா இருந்தா அது வேற கதை. அங்க எஸ்எம்எஸ் போய்ச் சேர்ற கம்பனியில ஒரு பங்கு காசு அனுப்ப வச்சவனுக்குக் கிடைக்கும், உங்கட காசு அப்படியே அவன்ட பைக்குப் போகுது. இது சின்ன ஆக்களுக்கு மட்டும் நடக்கிறதில்ல, ட்விட்டர் கூட எஸ்எம்எஸ் வழியான இரண்டாங்கட்டச் சரிபார்ப்பைச் சந்தா கட்டாத ஆக்களுக்கு 2023 மார்ச்சில நிப்பாட்டினது, தவறான ஆக்கள் அதைப் பாவிக்கிறாங்க எண்டதுதான் சொன்ன காரணம். வெட்டு மெஷின் ஆப்புக்கு +94 மட்டும் காணும் எண்டா மற்றதெல்லாத்தையும் மூடிருங்க. கட்டார், சவூதியில இருந்து தம்பிமார் வீட்டுக்கு மெஷின் புக் பண்றாங்க எண்டா அந்த நாடுகளை மட்டும் திறந்து, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நாளைக்குச் சின்ன ஒரு தொகை வைங்க. கனடாவுக்கு எண்டு +1ஐ முழுசாத் திறக்காதீங்க, கரீபியன் தீவுகள் கனக்க அந்த +1க்குள்ளதான் இருக்கு.

சரி, இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். உண்மையான ஆளுக்கும் கள்ளனுக்கும் நடுவில ஐபியை விட, வேகத்தை விட, நல்லா நம்பக்கூடிய ஒரு வித்தியாசம் இருக்கு. உண்மையான ஆள் ஓடிபி வந்ததும் அதை அடிப்பார். கள்ளன் அடிக்க ஏலாது, ஏனெண்டா அந்தப் போன் அவன்ட கையில இல்ல. அப்ப நீங்க எண்ண வேண்டியது எத்தின ஓடிபி போச்சு எண்டதை இல்ல, போய்ப் பதில் வராம நிக்கிறது எத்தின எண்டதைத்தான். ஆள் சரியா அடிச்ச உடன அந்தக் கணக்கில ஒண்டைக் குறைச்சிருங்க. கமநல நிலையத்தில 40 பேர் ஒரே ஐபியில வந்தாலும் ஒவ்வொருத்தரும் ஒரு நிமிசம், ரெண்டு நிமிசத்தில அடிச்சு முடிச்சிருவாங்க, எந்த நேரம் எடுத்துப் பாத்தாலும் பதில் வராம நிக்கிறது ஒரு பத்துக்குள்ளதான் இருக்கும். கள்ளன்ட கணக்கு ஏறிக்கொண்டேதான் போகும், இறங்கவே இறங்காது.

இதை ரெடிஸ்ல `INCR`, `DECR` வச்சுச் செய்யத்தான் எல்லாருக்கும் முதல்ல தோணும், ஆனா அதில ரெண்டு குழி இருக்கு. ஒண்டு, ஓடிபி அடிக்க முதலே அந்தக் கீட நேரம் முடிஞ்சு அழிஞ்சு போனா, பிறகு வாற `DECR` அதைப் புதுசா -1 எண்டு உண்டாக்கும், அதுவும் காலாவதி இல்லாம, அப்ப அது எண்டைக்கும் அப்படியே கிடந்து கணக்கைக் கெடுக்கும். மற்றது, ஒரே ஓடிபியை ரெண்டு தரம் சரிபார்க்க விட்டா ரெண்டு தரம் குறையும், கள்ளன் ஒரு சிம்மை மட்டும் வச்சே கணக்கைக் கீழ இறக்கிக்கொண்டு போவான். அதால இலக்கமா வைக்காம ஓடிபிகளைப் பேர்ப்பட்டியலா வைங்க, ரெடிஸ்ல சோர்ட்டட் செட் அதுக்கெண்டே அளவெடுத்த மாதிரி. ஒவ்வொரு ஓடிபிக்கும் ஒரு ஐடி, அதுக்கு நேரம்தான் ஸ்கோர்:

```lua
local key, id = KEYS[1], ARGV[4]
local now, win, max = tonumber(ARGV[1]), tonumber(ARGV[2]), tonumber(ARGV[3])
redis.call('ZREMRANGEBYSCORE', key, '-inf', now - win)
if redis.call('ZCARD', key) >= max then return 0 end
redis.call('ZADD', key, now, id)
redis.call('EXPIRE', key, win)
return 1
```

முதல்ல ஒரு மணித்தியாலத்துக்குப் பழசானதுகளைத் தூக்குது, மிச்சம் எத்தின நிக்குதெண்டு பாக்குது, இடம் இருந்தா இந்த ஐடியைச் சேர்க்குது, இல்லாட்டி 0 தருது. லுவா ஸ்கிரிப்டா ரெடிஸுக்குள்ள ஓடுறதால நடுவில இன்னொரு ரிக்வெஸ்ட் பூந்து கணக்கைக் குழப்ப ஏலாது, இது முக்கியம், ஏனெண்டா நோட்ல நீங்க முதல்ல எண்ணிப் பாத்து மறுகா சேர்த்தா ஒரே நொடியில வாற 50 ரிக்வெஸ்டும் "இடம் இருக்கு" எண்டு கண்டு 50ம் போயிரும். ஆள் சரியா அடிச்சா `ZREM` ஒண்டு காணும், ரெண்டாந்தரம் அடிச்சாலும் அந்த ஐடி அங்க இல்லாததால ஒண்டும் குறையாது. இன்னொரு நல்லது என்னெண்டா, மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் கணக்கைச் சுத்தமா அழிச்சுத் தொடங்குற முறையில 1.59க்கு முழு அளவும் 2.01க்குத் திரும்ப முழு அளவும் எண்டு ரெண்டு நிமிசத்தில இரட்டிப்பா அனுப்ப ஏலும், இதில அது நடக்காது, எந்த 60 நிமிசத்தை எடுத்தாலும் ஒரே அளவுதான்.

ஒரு சின்ன விசயம், ஆனா விட்டுராதீங்க. ஓடிபி கேட்ட நேரம் ஆள் வைஃபைல இருந்து, அடிக்கிற நேரம் டேட்டாவுக்கு மாறியிருக்கலாம். அப்ப அடிக்கிற நேரத்து ஐபியில போய் `ZREM` செய்தா அங்க ஒண்டும் இருக்காது, பழைய ஐபியில பதில் வராததா அது கிடக்கும். ஓடிபியைச் சேமிக்கிற இடத்திலயே அது எந்தெந்தக் கீக்களில சேர்ந்தது எண்டதையும் எழுதி வைங்க, குறைக்கிற நேரம் அதுகளில இருந்து குறைங்க.

எந்தெந்தக் கீ எண்டா, நான் மூண்டு போடுவன். முதலாவது ஐபி, பதில் வராதது ஒரு மணித்தியாலத்துக்கு 20 மட்டும் விடலாம். ஐபிவி6ல வாற ஆக்களுக்கு முழு விலாசத்தை எண்ணாதீங்க, ஒரு ஆளுக்கே ஒரு /64 முழுசாக் கிடைக்கும், அவர் நினைச்ச நேரம் விலாசம் மாத்தலாம், அதால முதல் 64 பிட்டை மட்டும் கீயா எடுங்க. ரெண்டாவது நம்பர்க் கட்டு, அதாவது போன் நம்பர்ல கடைசி மூண்டு இலக்கத்தை வெட்டினா வாற மிச்சம். 1000 நம்பருக்கு ஒரு கட்டு, அதுக்குப் பதில் வராதது 3 காணும், ஏனெண்டா ஒரே மணித்தியாலத்தில ஒரே கட்டுக்குள்ள நாலு உண்மையான வெள்ளாமைக்காரர் வந்து நாலு பேரும் ஓடிபி அடிக்காம விட்டுப் போறது எண்டது நடக்கிற காரியமில்ல. மூண்டாவது முழு ஆப்புக்கும் சேர்த்து ஒண்டு, 60 எண்டு வைப்பம். மூண்டில ஒண்டு மறிச்சா ஏற்கனவே மற்றதுகளில சேர்த்த ஐடியைத் திரும்பத் தூக்க மறக்காதீங்க, இல்லாட்டி அனுப்பாத ஓடிபியையும் பாக்கியா எண்ணிக்கொண்டிருப்பீங்க.

உங்கட அந்த ராவை இப்ப இதுக்குள்ள போட்டுப் பாப்பம். 6000, 270 நிமிசம், நிமிசத்துக்கு 22. நம்பர் வரிசையாப் போனதெண்டா 1000 நம்பர்க் கட்டு ஒண்டைக் கடக்க அவனுக்கு 45 நிமிசம் போகும். அது ஒரு மணித்தியாலத்துக்குள்ள முடியிறதால அந்தக் கட்டில 3 எஸ்எம்எஸ் போகும், மிச்சம் 997ம் மறிபடும். 6000 நம்பர் எண்டா ஆறு கட்டு, தொடங்கின இடத்தைப் பொறுத்து ஏழாகலாம், ஆகமொத்தம் 20 எஸ்எம்எஸ் அளவிலதான் போயிருக்கும். அவன் புத்திசாலியா நம்பரைக் கலைச்சுப் போட்டு அனுப்பினா கட்டு லிமிட் பெருசா உதவாது, அப்ப மூண்டாவது பிடிக்கும், மூண்டு நிமிசத்தில 60 நிறைஞ்சிரும், அதுக்குப் பிறகு எந்த மணித்தியாலத்திலயும் 60க்கு மேல போகாது, நாலரை மணித்தியாலத்துக்கும் சேர்த்து 300ஐத் தாண்டாது. 6000த்தோட 300ஐ வச்சுப் பாருங்க.

ஆனா அந்த மூண்டாவதில ஒரு ஆபத்து இருக்கு, இதை நிறையப் பேர் யோசிக்கிறதில்ல. முழு ஆப்புக்கும் ஒரு உச்சம் வச்சு அது நிறைஞ்ச உடன கதவைப் பூட்டினா கள்ளனுக்கு உங்கட ஆப்பை மூட ஒரு பொத்தானைக் குடுத்த மாதிரி. அவன் மணித்தியாலத்துக்கு 60 அனுப்பினாக் காணும், அறுவடைக் காலம் முழுக்க ஒருத்தரும் பதிய ஏலாது. அதால 60 நிறைஞ்சா மூடாதீங்க, கேப்சா ஒண்டைக் காட்டுங்க, அதைத் தாண்டி வாற ஆக்களுக்கு 150 எண்டு வேற ஒரு உச்சம் வைங்க. அதோட புதுசாப் பதியிற ஆக்கள்ர ஓடிபியையும், ஏற்கனவே இருக்கிற ஆக்கள் உள்ள வாற ஓடிபியையும் ரெண்டு தனிக் கணக்கா வைங்க. மெஷின் நாளைக்கு விடிய வட்டைக்குள்ள இறங்கணும் எண்டு காத்துக்கொண்டிருக்கிற ஆள், எவனோ கள்ளப் பதிவு போடுறான் எண்டதுக்காக உள்ள வர ஏலாம நிக்கப்படாது.

கட்டு லிமிட்டுக்கும், அடுத்துச் சொல்லப்போற தனி நம்பர் லிமிட்டுக்கும் முதல் நம்பரை ஒரே வடிவத்துக்குக் கொண்டு வாங்க. `07XXXXXXXX`, `947XXXXXXXX`, `+947XXXXXXXX`, நடுவில இடைவெளி விட்டது எண்டு நாலு மாதிரி அடிக்கலாம், சேர்வர் அதை நாலு ஆளா எண்ணினா ஒரே ஆளுக்கு நாலு மடங்கு எஸ்எம்எஸ் போகும். வந்த உடன இடைவெளி, கோடெல்லாம் எடுத்து +94ல தொடங்குற வடிவத்துக்கு மாத்தி, அதுக்குப் பிறகுதான் எதையும் எண்ணணும்.

ஒரு தனி நம்பருக்கு எத்தின எண்டது வேற கணக்கு, இதில பதில் வந்தாலும் வராட்டியும் எண்ணுங்க. எவனோ ஒருத்தன் கோவத்தில அடுத்த வீட்டுக்காரர்ர நம்பரை அடிச்சு ராவு முழுக்க அவருக்கு ஓடிபியாப் போக விடலாம், அதை மறிக்கத்தான் இது. முதலாவதுக்கும் ரெண்டாவதுக்கும் இடையில 60 செக்கன், அடுத்ததுக்கு 2 நிமிசம், 24 மணித்தியாலத்துக்கு 6 மட்டும். வெல்லாவெளிப் பக்கம் உள்வட்டைக்குள்ள நிண்டா எஸ்எம்எஸ் பிந்தி வரும், ஆள் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமத்துவார், ஒவ்வொரு தரமும் புதுக் கோட் உண்டாக்கினா முதல் வந்த கோடை அவர் அடிக்கிற நேரம் அது செல்லாது எண்டு வரும், அவர் திரும்ப அமத்துவார், இப்படியே 6ம் முடிஞ்சிரும். அதால 10 நிமிசத்துக்குள்ள திரும்பக் கேட்டா அதே கோடையே திரும்ப அனுப்புங்க, ஓடிபி ஐடியும் பழசேதான், பாக்கிக் கணக்கில ரெண்டாவதாச் சேரக்கூடாது. 6 முடிஞ்சாலும் ஏற்கனவே போன கோடைச் சாகடிக்காதீங்க, நேரம் இருக்கு மட்டும் அது செல்லட்டும்.

அடிக்கிற பக்கத்துக்கும் லிமிட் வேணும், அனுப்புற பக்கத்தை மட்டும் பூட்டிட்டு இதை மறந்த ஆப்புகள் கனக்க. நாலு இலக்க ஓடிபி எண்டா இருக்கிறது 10,000 தான், செக்கனுக்கு 50 அடிச்சா 200 செக்கன்ல எல்லாத்தையும் அடிச்சு முடிச்சு யார்ர பேரிலயும் உள்ள வரலாம், அப்படி வந்தா அது பாக்கிக் கணக்கையும் குறைச்சிரும், மேல சொன்ன முழுத் திட்டமும் வீண். ஆறு இலக்கமாக்குங்க, ஒரு கோடுக்கு 5 பிழை விடுங்க, அதுக்கு மேல அந்தக் கோட் செத்திரணும். அதோட ஓடிபி சரியாகு மட்டும் `users` டேபிள்ல ஒரு வரியும் எழுதாதீங்க, ரெடிஸ்ல 10 நிமிசத்துக்கு வச்சாக் காணும், பிறகு கள்ளப் பதிவை இருந்து அழிக்கிற வேலையே வராது.

திரும்பத் திரும்ப வாற ரிக்வெஸ்ட் எல்லாம் கள்ளன் அனுப்புறது இல்ல எண்டதையும் பாருங்க. லொக்ல ஒரே நம்பர், ஒரே ஐபி, சரியா ஒரே இடைவெளி, ரெண்டு செக்கன், ரெண்டு செக்கன் எண்டு வந்தா அது அநேகமா உங்கட ஆப்தான். நெட் இழுபட்டா திரும்ப அனுப்பு எண்டு எழுதின கோட், சேர்வர் 429 குடுத்தாலும் அதையும் நெட் பிழை எண்டு நினைச்சு திரும்ப அடிக்கும், நீங்க மறிக்க மறிக்க அது கூட அடிக்கும். மறிக்கிற நேரம் `429` ஓட `Retry-After: 60` எண்டு அனுப்புங்க, ஆப்பில அதை வாசிச்சு அந்த நேரம் வரைக்கும் பொத்தானைப் பூட்டி "60 செக்கனுக்குப் பிறகு" எண்டு எண்ணிக் காட்டுங்க. தானாத் திரும்ப அனுப்புறதெண்டா 2, 4, 8 செக்கன் எண்டு இடைவெளியைக் கூட்டுங்க, அதோட ஒவ்வொரு போனிலயும் கொஞ்சம் எழுமாறா முன்னப் பின்ன வைங்க, இல்லாட்டி சேர்வர் ஒருக்கா விழுந்து எழும்பினா எல்லாப் போனும் ஒரே செக்கன்ல வந்து திரும்ப விழுத்தும்.

என்ஜின்எக்ஸ்ல இருக்கிற லிமிட்டை எடுக்காதீங்க, ஆனா அதைக் கள்ளப் பதிவுக்கு எண்டு நினைக்காதீங்க, அது நோட்டுக்குப் பாரம் போகாம வெளிவாசல்ல நிக்கிற ஒண்டு. அங்க ஒரு விசயம் கனபேரைக் குழப்பும். `rate=5r/m` எண்டா நிமிசத்துக்குள்ள எப்ப வேணுமெண்டாலும் 5 இல்ல, 12 செக்கனுக்கு ஒண்டு எண்டுதான் அது விளங்கிக்கொள்ளும். `burst` போடாட்டி ரெண்டு பேர் 12 செக்கனுக்குள்ள வந்தாலே ரெண்டாவது ஆள் மறிபடுவார். சும்மா விட்டா 503 வேற குடுக்கும், அதால 429 எண்டு சொல்லிக் குடுக்கணும்:

```nginx
limit_req_zone $binary_remote_addr zone=otp:10m rate=30r/m;

location = /otp/send {
    limit_req zone=otp burst=20 nodelay;
    limit_req_status 429;
    limit_req_dry_run on;
    proxy_set_header X-Forwarded-For $remote_addr;
    proxy_pass http://127.0.0.1:3000;
}
```

`X-Forwarded-For`ஐ இப்படி `$remote_addr` ஆலயே மாத்தி எழுதினா வெளிய இருந்து வந்த பொய் ஹெடர் அதிலயே அழிஞ்சிரும், என்ஜின்எக்ஸுக்கு முன்னால வேற ஒண்டும் இல்லாத வரைக்கும் இதுதான் சுகம். `limit_req_dry_run on` எண்டது ஒருத்தரையும் மறிக்காது, மறிச்சிருந்தா யார் யார் மறிபட்டிருப்பாங்க எண்டதை மட்டும் எழுதும். லொக் வடிவத்தில `$limit_req_status` சேர்த்தா அந்த வரிகள்ல `REJECTED_DRY_RUN` எண்டு வரும்.

நான் மேல சொன்ன 20, 3, 60 எல்லாத்தையும் இதே மாதிரி வைங்க. லுவா 0 தந்தாலும் ஒரு கிழமைக்கு மறிக்காம லொக்ல மட்டும் எழுதுங்க, காசு முடியாம இருக்க முழு ஆப் உச்சம் 150ஐ மட்டும் முதல் நாளே உண்மையாப் போடுங்க. ரெடிஸ் விழுந்தா ஓடிபி அனுப்புறதை நிப்பாட்டுற மாதிரி எழுதுங்க, எண்ண ஏலாத நேரம் காசு செலவழிக்கக்கூடாது. ஒவ்வொரு 15 நிமிசத்துக்கும் போன ஓடிபியில எத்தின வீதம் அடிபட்டது எண்டு பாத்து அது பாதிக்குக் கீழ போனா உங்கட மூண்டு பேருக்கும் ஒரு மெசேஜ் வரட்டும், ராவையில நாலஞ்சு ஓடிபி மட்டும் போற நேரம் சும்மா அடிக்காம இருக்க, 20க்கு மேல போயிருந்தா மட்டும் பாருங்க. கிழமை முடிய லொக்ல மறிபட்டதா எழுதின ஆக்களை எடுத்து, அதில பிறகு ஓடிபி சரியா அடிச்ச ஆக்கள் எத்தின எண்டு எண்ணுங்க, அவங்கதான் பிழையா மறிபட இருந்த உண்மையான ஆக்கள். அந்த எண்ணிக்கை எந்த லிமிட்டால வருதோ அதைத் தளர்த்திட்டு மற்றதுகளை ஓன் பண்ணுங்க, கமநல நிலையக் கூட்டம் ஏதும் வாறதெண்டா அதுக்கு முதல் நாள் ஒருக்கா ஹொட்ஸ்பொட்ல நாலஞ்சு போனை வச்சு நீங்களே பதிஞ்சு பாருங்க.